இட்லி மாவு: காற்று உண்டானதா, தங்கியதா?

மலைக்குக் கீழே பாலசமுத்திரத்தில் எங்கள் வீடு. மலைக்கு மேலே கொடைக்கானலில் அத்தை வீடு. பழனியிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். ஆனால் இங்கே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர், அங்கே சுமார் 2,100 மீட்டர். மார்கழியில் இங்கே ராத்திரி ஒரு போர்வை போதும். அங்கே அதே ராத்திரி பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் வருஷக்கணக்காக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தை போன் செய்யும்போதெல்லாம் கேட்பார்: "ஏம்மா, நீங்க போடுற அதே அரிசி, அதே உளுந்துதான் நானும் போடுறேன். உங்க வீட்டுல விடிஞ்சா மாவு பாத்திரத்தை விட்டு வழியுது. இங்க வச்ச இடத்துலயே கெடக்கு. என்னதான் செய்யுறீங்க?" அம்மாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அண்ணி, குளிருதான் காரணம். கம்பளியைப் போட்டு மூடி வைங்க."

குளிர்தான் காரணம் என்பது சரி. ஆனால் அது பாதிப் பதில். பாலசமுத்திரத்துச் சித்திரை வெயிலிலும் சில நாள் மாவு பொங்காமல் போகிறது. அப்போது குளிரைச் சொல்ல முடியாது. எனவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாவுக்குள் காற்று உண்டானதா என்பது ஒரு கேள்வி. உண்டான காற்று மாவுக்குள் தங்கியதா என்பது வேறொரு கேள்வி. முதலாவது நுண்ணுயிரிகளின் வேலை, அதைச் சூடும் குளிரும் தீர்மானிக்கும். இரண்டாவது மாவின் கெட்டித்தன்மை பார்க்கிற வேலை, அதை உளுந்தும் நாம் ஊற்றுகிற தண்ணீரும் தீர்மானிக்கும். மாவு பொங்காத எல்லா வீட்டிலும் இந்த இரண்டில் ஒன்றுதான் பிசகியிருக்கும். எது என்று தெரிந்தால் சரிசெய்வது எளிது.

காற்றை உண்டாக்குவது யார்?

முதலில் சின்னக் கேள்வியை முடித்துவிடுவோம். 1965-இல் முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் முதலிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனீவா ஆய்வு நிலையத்தில் நடந்த வேலை அது. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முதல் பங்கு லூக்கனோஸ்டாக் மெசன்டராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று அவர்கள் கண்டார்கள். அது அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருப்பது. ஊற வைக்கும்போதே பெருகத் தொடங்கிவிடும். அதனால் வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை மட்டும் தரும். மாவு புளிக்கும், ஆனால் காற்று வராது. இன்னொரு வகை லாக்டிக் அமிலத்தோடு கொஞ்சம் ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடு வாயுவும் தரும். லூக்கனோஸ்டாக் இரண்டாம் வகை. அது முதலில் பெருகி வாயுவைத் தந்துவிடுகிறது. பிறகு மாவு புளிக்கப் புளிக்க, அமிலத்தைத் தாங்குகிற மற்ற பாக்டீரியாக்கள் மேலே வருகின்றன. புளிப்பும் பொங்கலும் ஒன்றாக வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல என்பதை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் புளித்து, கொஞ்சமும் பொங்காத மாவை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எவ்வளவு வாயு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் மாவு இரண்டு லிட்டராக வேண்டுமானால் உள்ளே ஒரு லிட்டர் வாயு தங்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடின் எடை இரண்டு கிராமுக்கும் குறைவு. லூக்கனோஸ்டாக் அதைத் தயாரிக்க ஏழு கிராம் சர்க்கரை போதும். ஆனால் வாயு எல்லாம் குமிழியாகிவிடாது. மாவில் இருக்கும் தண்ணீர் முதலில் தன் பங்கைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் மாவில் இருக்கும் தண்ணீர், 30 டிகிரியில், கிட்டத்தட்ட அரை லிட்டர் வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடியது. கரைத்து வைத்த முதல் சில மணி நேரம் மாவு அசையாமல் கிடப்பதற்குப் பாக்டீரியா பெருக நேரம் எடுப்பது ஒரு காரணம், இது இன்னொரு காரணம். ஆக மொத்தம் பத்து கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ அளவுக்கு அரிசியும் உளுந்தும் இருக்கிற மாவில் அது பெரிய விஷயமே இல்லை.

அதாவது, வெதுவெதுப்பான ஊரில் வாயுவுக்குப் பஞ்சம் வருவது அபூர்வம். பஞ்சம் வருவது அதைப் பிடித்து வைப்பதில்தான்.

குமிழி ஏன் மேலே ஓடிவிடவில்லை?

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர் குமிழி உண்டானால் ஒரு விநாடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேலான வேகத்தில் மேலே போய் உடைந்துவிடும். சோடா பாட்டிலைத் திறந்தால் பார்க்கிறோமே, அதுதான். இட்லி மாவில் குமிழி எட்டு, பத்து மணி நேரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கேட்டால், மாவு கெட்டியாக இருப்பதால் என்று சொல்லிவிடுவோம். அந்தக் கெட்டி எந்த மாதிரியான கெட்டி என்பதுதான் இந்தப் பதிவின் மையம்.

தேனை எடுத்துக்கொள்வோம். தண்ணீரைவிடச் சில ஆயிரம் மடங்கு கெட்டி. அதற்குள் அதே ஒரு மில்லிமீட்டர் குமிழியை விட்டால் மெதுவாகத்தான் போகும். ஆனால் எவ்வளவு மெதுவாக? தண்ணீரைப் போலப் பத்தாயிரம் மடங்கு கெட்டியான தேன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்குச் சுமார் இருபது சென்டிமீட்டர் வருகிறது. நம் மாவுப் பாத்திரத்தின் உயரமே அவ்வளவுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு அடியில் உண்டான குமிழி பத்து மணிக்கெல்லாம் மேலே வந்து உடைந்திருக்கும். விடிகாலையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே தேனைப் போல மெதுவாக ஓடுகிற கெட்டித்தன்மை மட்டும் இட்லி மாவுக்குப் போதாது.

மாவுக்கு வேறொரு குணம் இருக்கிறது. அசையாமல் இருக்கும்போது அது கிட்டத்தட்டத் திடப்பொருள் போல நடந்துகொள்கிறது. ஒரு கரண்டி மாவை அள்ளி மற்ற மாவின் மேல் போட்டுப் பாருங்கள். நல்ல மாவு சற்று நேரம் மேடாகவே நிற்கும், தேன் போல மெல்லப் பரவிச் சமமாகிவிடாது. அதை ஓட வைக்க ஒரு குறைந்தபட்சத் தள்ளுதல் வேண்டும். அந்த அளவுக்குக் கீழே தள்ளினால் கொஞ்சமும் நகராது. அந்த அளவைத் தாண்டினால் சட்டென்று இளகி ஓடும்.

இனி குமிழியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் குமிழி மேல்நோக்கித் தள்ளுகிற விசை, அது இடம்பெயர்த்த மாவின் எடை அளவுதான். கிட்டத்தட்ட அரை மில்லிகிராம். அந்தத் தள்ளுதல் மாவின் பிடிப்பை மீறப் போதாது. அதனால் குமிழி மெதுவாகக்கூட நகர்வதில்லை, மாட்டிக்கொண்டு நிற்கிறது. விடியும்வரை காத்திருந்தாலும் அது மேலே வராது. வாயு தொடர்ந்து உள்ளே சேரும்போது அது இருந்த இடத்திலேயே பெரிதாகிறது, தன்னைச் சுற்றியிருக்கிற மாவைத் தள்ளிக்கொண்டு. எல்லாக் குமிழியும் இப்படிப் பெரிதாகும்போது மொத்த மாவும் மேலே எழும்புகிறது. நாம் பொங்குதல் என்று சொல்வது இதைத்தான்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. குமிழியின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் மேல்நோக்கிய தள்ளுதல் எட்டு மடங்காகிறது. அதைப் பிடித்து நிறுத்துகிற மாவின் பரப்போ நான்கு மடங்குதான் கூடுகிறது. பெரிய குமிழிக்குத் தப்பிக்கும் பலம் உண்டு, சிறிய குமிழிக்கு இல்லை. அதனால் நமக்கு வேண்டியது எண்ணற்ற சின்னக் குமிழிகள். சில பெரிய குமிழிகளாகச் சேர்ந்துவிட்டால் அவை வழி கண்டுபிடித்து மேலே போய்விடும். அந்தச் சின்னக் குமிழிகளைச் சின்னதாகவே, தனித்தனியாக வைத்திருப்பது உளுந்தின் வேலை.

உளுந்து தருகிற இரண்டு பொருள்கள்

அரிசி மாவை மட்டும் கரைத்துப் புளிக்க வைத்தால் குமிழி வரும், தங்காது. அரிசிக் குருணை அடியில் படிந்துவிடும், மேலே தண்ணீர் நிற்கும். பாசிப்பருப்பு போட்டு அரைத்தாலும் உளுந்து போட்ட மாதிரி பஞ்சாக வருவதில்லை. உளுந்துக்கு மட்டும் என்ன விசேஷம்?

இதை மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சுசீலம்மா, எம். வி. எல். ராவ் இருவரும் 1970-களில் ஆராய்ந்தார்கள். உளுந்திலிருந்து இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று குளோபுலின் வகைப் புரதம். இன்னொன்று அரபினோகேலக்டன் என்ற பசைப்பொருள், அதாவது ஒரு கூட்டுச் சர்க்கரை. உளுந்தை ஊற வைத்துக் கையில் எடுத்தால் வழவழவென்று வருமே, அந்த வழவழப்பில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

புரதம் குமிழியின் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டு மெல்லிய தோல் ஒன்றை அமைக்கிறது. பக்கத்துக் குமிழிகள் முட்டிக்கொண்டாலும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அது தடுக்கும். பசைப்பொருள் குமிழிகளுக்கு நடுவில் இருக்கிற நீரைக் கெட்டியாக்கி, அது வடிந்து கீழே இறங்காமல் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. புரத நுரை மட்டும் இருந்தால் சூடு பட்டதும் உடைந்துபோகும். ஆவியில் வேகும்போது நுரை குலையாமல் காப்பதும் இந்தப் பசைப்பொருள்தான். இரண்டும் ஒரே பருப்பில் சேர்ந்து இருப்பதால்தான் இட்லிக்கு உளுந்து இல்லாமல் ஆவதில்லை.

அரைப்பதன் முக்கியத்துவமும் இங்கேதான் வருகிறது. உளுந்தைத் தனியாக, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, நேரம் கொடுத்து ஆட்டினால் அது பந்து போலப் பொங்கி வரும். "உளுந்து நல்லா கண்டிருக்கு" என்று அம்மா சொல்வது அந்த நிலையைத்தான். அப்போது இரண்டு காரியம் நடக்கிறது. புரதமும் பசையும் பருப்பிலிருந்து முழுவதும் வெளியே வருகின்றன. கூடவே குழவி சுற்றச் சுற்ற வெளிக்காற்று நுண்ணிய குமிழிகளாக மாவுக்குள் அடைபடுகிறது. இந்த நுண்குமிழிகள் முக்கியமானவை. திரவத்துக்குள் வெறுமையிலிருந்து புதிய குமிழி பிறப்பது மிகக் கடினம். கரைந்திருக்கிற வாயு, ஏற்கெனவே இருக்கிற குமிழிக்குள் போய்ச் சேருவதுதான் எளிது. ஆகவே ராத்திரி முழுவதும் பாக்டீரியா செய்கிற வேலை, நாம் சாயங்காலம் ஆட்டும்போது அடைத்து வைத்த குமிழிகளை ஊதிப் பெரிதாக்குவதுதான். எத்தனை குமிழி விதைத்தோமோ கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் காலையில் அறுவடை.

உளுந்து சரியாகக் கண்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சிட்டிகை உளுந்து மாவைப் போடுங்கள். மிதந்தால் உள்ளே போதுமான காற்று இருக்கிறது. மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். மிக்ஸியில் அரைக்கிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். பிளேடு வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கிவிடும், நேரம் கொடுத்து ஆட்ட முடியாது. குளிர்ந்த தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு அரைத்தால் ஓரளவு சரியாகும்.

அரிசியை மட்டும் நைசாக அரைக்காமல் ரவை பதத்தில் எடுக்கிறோம். அந்தக் குருணை உளுந்துப் பசைக்குள் நெருக்கமாக நின்று மாவின் பிடிப்பைக் கூட்டுகிறது. ஆனால் குருணையைத் தாங்குகிற அளவுக்கு உளுந்துப் பசை இருக்க வேண்டும், இல்லையென்றால் குருணை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டு அளவு நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். வெந்தயத்திலும் வழவழப்பான பசைப்பொருள் இருக்கிறது, உளுந்துக்குத் துணையாக நிற்கும். உளுந்து பழசாக இருந்தால் அம்மா ஒரு கைப்பிடி கூடப் போடுவார்.

தண்ணீர் கூடினால், குறைந்தால்

அரிசியும் உளுந்தும் சரியாக இருந்தும், கரைக்கும்போது ஊற்றுகிற கடைசித் தண்ணீர் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

தண்ணீர் கூடிய மாவில் பிடிப்பு போய்விடுகிறது. அது ஓடுகிற திரவமாகிவிடும், குமிழிகள் மேலே நகரத் தொடங்கும். காலையில் மூடியைத் திறந்தால் மேல்பரப்பில் பெரிய பெரிய நுரைக் குமிழிகள் இருக்கும், பார்த்தால் நன்றாகப் பொங்கிய மாதிரி தெரியும். கரண்டியை அடிவரை விட்டுத் தூக்கினால் உண்மை தெரிந்துவிடும். கீழே மாவு கனமாக, குமிழியே இல்லாமல் இருக்கும். சில நேரம் நடுவில் நீர்க்கோடு ஒன்று பிரிந்து நிற்கும். வாசம் புளிப்பாகவே இருக்கும், ஏனென்றால் பாக்டீரியா தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. காற்று உண்டானது, தங்கவில்லை. அந்த மாவில் இட்லி ஊற்றினால் தட்டையாக வரும். தோசைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் குறைந்த மாவிலும் வேறு விதச் சிக்கல். குமிழி பெரிதாக வேண்டுமானால் சுற்றியிருக்கிற மாவைத் தள்ள வேண்டும். மாவு மிகக் கெட்டியாக இருந்தால் அந்தத் தள்ளுதலுக்கே எதிர்ப்பு அதிகம். குமிழி நகராது, வளரவும் வளராது. வாயு தண்ணீரில் கரைந்தபடியே இருக்கும், கொஞ்சம் மேற்பரப்பு வழியாகக் கசியும். மேலே விரிசல் விட்டிருக்கும். இட்லி நடுவில் மேடாக, உள்ளே அடர்த்தியாக வரும். இதைச் சரிசெய்வது எளிது: வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் சேர்த்துக் கலந்து இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் எழும்பும்.

நடுவில் இருக்கிற சரியான பதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மாவு கனத்த மடிப்பாக விழ வேண்டும். விழுந்த இடத்தில் அந்த மடிப்பு சில விநாடி நின்று, பிறகு மெல்ல அமிழ வேண்டும். உடனே மறைந்தால் தண்ணீர் அதிகம். அப்படியே கட்டியாக நின்றால் தண்ணீர் குறைவு.

வீட்டில் தராசு இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். கரைத்தவுடன் ஒரு 200 மில்லி டம்ளர் நிறைய மாவை எடுத்து எடை போடுங்கள். டம்ளர் எடையைக் கழித்தால் 200 கிராமுக்குச் சற்று முன்பின்னாக வரும். காலையில் பொங்கிய மாவைக் கலக்காமல் அதே டம்ளரில் மெதுவாக அள்ளி எடை போடுங்கள். 100 கிராம் பக்கம் வந்தால் அதில் சரிபாதி வாயு என்று அர்த்தம். 150 வந்தால் கால்வாசிதான் வாயு. மேல் நுரையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க டம்ளரைப் பாத்திரத்தின் நடுவிலிருந்து அள்ளுங்கள்.

கலக்காதே என்று சொல்வதன் காரணம்

"மாவைக் கலக்காம ஓரமா எடு" என்று எந்த வீட்டிலும் ஒரு பெரியவர் சொல்வார். மாவின் பிடிப்பு அது அசையாமல் இருக்கும் வரைதான். கரண்டியை விட்டுச் சுழற்றினால் அது இளகிவிடும், அந்த இளகிய நேரத்தில் குமிழிகள் நகர்ந்து, மோதி, ஒன்றுசேர்ந்து, பெரிதாகி, மேலே வந்து உடையும். இரண்டு சுற்றுச் சுற்றினால் மாவின் மட்டம் கண்முன்னே இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு ஓரத்திலிருந்து, வெட்டி எடுப்பது போல அள்ளினால் மீதி மாவு தொடப்படாமல் அப்படியே நிற்கும். அடுத்த ஈட்டுக்கும் பஞ்சு போன்ற மாவு கிடைக்கும். தோசைக்கு மாவில் தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறோமே என்று கேட்கலாம். தோசை மெல்லிசு. கல்லின் சூட்டில் மாவு சட்டென்று வெந்துவிடும், உயரத்துக்கு அங்கே வேலை இல்லை.

நேரம் அதிகமானாலும் பிடிப்பு போகும். புளிப்பு ஏற ஏறக் குமிழிச் சுவரின் புரதம் தன் தன்மையை இழக்கும், சுவர் மெலியும், பக்கத்துக் குமிழிகள் கலக்கும். மாவு நடுவில் குழிந்து இறங்கும். பாத்திரத்தின் உட்பக்கத்தில் அது எட்டிய உயரத்தைக் காட்டுகிற ஒரு காய்ந்த கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் கோட்டுக்கும் இப்போதைய மட்டத்துக்கும் இடைவெளி இருந்தால் ராத்திரியே பொங்கித் தணிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சித்திரை, வைகாசியில் பாலசமுத்திரத்தில் இது அடிக்கடி நடக்கும். அந்த மாதங்களில் மாவை ராத்திரி தாமதமாகக் கரைப்பதோ, பொங்கியதும் ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பதோதான் வழி.

கொடைக்கானலில் என்ன நடக்கிறது?

இப்போது அத்தையின் கேள்விக்கு வரலாம். அங்கே குளிர் மூன்று விதமாக வேலை செய்கிறது. முதலாவது, பாக்டீரியாவின் வேகம் குறைகிறது. பத்து டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. இங்கே எட்டு மணி நேரத்தில் ஆவதற்கு அங்கே ஒரு முழு நாளே பிடிக்கலாம். இரண்டாவது, குளிர்ந்த தண்ணீர் அதிக வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் முக்கால் லிட்டருக்கும் குறைவான வாயுவைத்தான் பிடிக்கும். 10 டிகிரியில் ஒரு லிட்டருக்கும் மேல் பிடிக்கும். ஆக, குறைவாக உண்டாகும் வாயுவிலும் பெரும் பங்கு குமிழிக்குப் போகாமல் தண்ணீரிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாவது, குளிரில் மாவு இன்னும் கெட்டியாகிறது, குமிழி வளர்வது இன்னும் கடினமாகிறது.

கவனியுங்கள், அத்தையின் மாவில் பிடிப்புக்குக் குறைவில்லை. உண்டாவதில்தான் குறை. எனவே அங்கே உளுந்தைக் கூட்டிப் பயனில்லை, கதகதப்புதான் தேவை. ஆனால் கம்பளி மட்டும் போதாது, ஏனென்றால் கம்பளி சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த மாவைக் கம்பளியில் சுற்றினால் அது குளிர்ந்தே இருக்கும். கரைக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மாவை 30 டிகிரிப் பக்கம் கொண்டுவந்து, பிறகு சுற்ற வேண்டும். பாத்திரத்தை வெந்நீர் நிரப்பிய அகலப் பாத்திரத்துக்குள் வைத்து மூடினால் இன்னும் நல்லது. முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி சேர்த்துக் கலந்தால் பாக்டீரியா தொடக்கத்திலேயே நிறைய இருக்கும், சில மணி நேரம் மிச்சமாகும். கொதிக்கிற சூட்டுக்குப் போகக் கூடாது. லூக்கனோஸ்டாக் மிதமான வெப்பத்தை விரும்புவது. சூடு அதிகமானால் வாயு தராத, வெறும் புளிப்பு மட்டும் தருகிற வகைகள் முந்திக்கொள்ளும்.

மலையில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். கொடைக்கானலில் அது இங்கிருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். இங்கிருந்து பொங்கிய மாவைத் தூக்குவாளியில் கொண்டுபோனால், அழுத்தக் குறைவால் குமிழிகள் கால்வாசி பெரிதாகப் பார்க்கும், குளிர் அதைக் கொஞ்சம் சுருக்கும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுங்குவதே மாவைக் கலக்கிவிடும். அதனால் பொங்கிய மாவைவிட அரைத்த மாவைக் கொண்டுபோய் அங்கே பொங்க வைப்பதுதான் நல்லது.

தண்ணீரும் அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இட்லிச் சட்டிக்குள் நடப்பதை நினைத்தால் இதன் விளைவு புரியும். மாவு சூடாகும்போது கரைந்திருந்த வாயு வெளியே வந்து குமிழிகளில் சேரும். உள்ளே இருக்கிற வாயு விரியும், நீராவியும் சேரும். இட்லி கடைசியாக ஒரு முறை எழும்பும். அதற்குள் 70, 80 டிகிரியில் அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வெந்து இறுகும், குமிழிச் சுவர் நிரந்தரமாகும். 93 டிகிரியும் இதற்குப் போதும், ஆனால் சூடு நடுவரை போய்ச் சேர இன்னும் சில நிமிஷம் ஆகும். அத்தை இங்கே எடுப்பதைவிட ஐந்து நிமிஷமாவது கூட வேக விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் சுவர் இறுகாத நடுப்பகுதி அமுங்கிப்போகும்.

பொங்காத மாவின் முன் நிற்கும்போது

காலையில் மூடியைத் திறந்து மாவு எழும்பவில்லை என்று பார்த்தால், முதலில் முகர்ந்து பாருங்கள். பிறகு கரண்டியை அடிவரை விட்டுப் பாருங்கள். இந்த இரண்டும் போதும்.

புளிப்பு வாசமே இல்லை, மாவு நேற்று வைத்த மாதிரியே இருக்கிறது என்றால் காற்று உண்டாகவில்லை. அந்த மாவு கெட்டுப்போகவில்லை, அதற்கு நேரமும் கதகதப்பும்தான் தேவை. மத்தியானம் வரை வெதுவெதுப்பில் வையுங்கள்.

புளிப்பு வாசம் இருக்கிறது, மேலே நுரை, அடியில் கனம் என்றால் காற்று உண்டாகித் தப்பிவிட்டது. இனி எவ்வளவு நேரம் வைத்தாலும் பயனில்லை, புளிப்புதான் ஏறும். அன்றைக்குத் தோசை ஊற்றிவிட்டு, அடுத்த முறை தண்ணீரைக் குறையுங்கள், உளுந்தை இன்னும் நன்றாக ஆட்டுங்கள்.

பாத்திரத்தில் காய்ந்த கோடு மேலே, மாவு கீழே என்றால் இரண்டும் சரியாக நடந்து, நாம் எழுந்தது தாமதமாகிவிட்டது. அடுத்த முறை பின்னிரவில் பொங்கும்படி நேரத்தைத் தள்ளிக்கொள்ளுங்கள்.

சோடா உப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சோடா உப்பு வாயுவைத் தரும், பிடிப்பைத் தராது. உளுந்து நன்றாக ஆட்டிய, பதம் சரியான, ஆனால் குளிரில் பொங்காத மாவில் ஒரு சிட்டிகை போட்டால் உதவும். தண்ணீராகிப்போன மாவில் எவ்வளவு போட்டாலும் மேலே ஓட்டைதான் விழும், இட்லி எழும்பாது.